பி பிளஸ் வாங்கியும் 2.98: ரிப்பீட் கோர்ஸ் கணக்கு யாரும் சொல்லித் தராதது

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வந்து முதல் செமஸ்டரிலேயே ஒரு பாடத்தில் சறுக்கி, "பரவாயில்லை, திரும்ப எடுத்தால் சரியாகிவிடும்" என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திரும்ப எடுத்தால் சரியாகும் இடங்களும் உண்டு, ஆகாத இடங்களும் உண்டு. என் பல்கலைக்கழகத்தில் ஆகவில்லை. அங்கே பழைய கிரேடு போகாது. புதியது அதன் பக்கத்தில் வந்து உட்காரும், இரண்டையும் கூட்டித்தான் சிஜிபிஏ போடுவார்கள். இது எனக்குத் தெரிய வந்தபோது இரண்டு செமஸ்டர் முடிந்திருந்தது, கையில் வந்திருந்த டீச்சிங் அசிஸ்டென்ட் வேலையும் அதோடு சேர்ந்த கட்டண விலக்கும் போயிருந்தது. எவ்வளவு குறைவால் போனது என்று சொன்னால் சிரிப்பீர்கள்: பதினெட்டு கிரெடிட்டுக்கு 54 பாயிண்ட் வேண்டிய இடத்தில் என்னிடம் 53.7 இருந்தது.

பின்னணி சுருக்கமாக. என்னுடையது 30 கிரெடிட் கம்ப்யூட்டர் சயன்ஸ் எம்.எஸ்., மூன்று கிரெடிட் வீதம் பத்து பாடம். பட்டம் வாங்க சிஜிபிஏ 3.0 வேண்டும், அதாவது சராசரியாக பி. அதற்கு மேல் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. கோர் பாடங்களில் பி மைனஸுக்குக் கீழே வந்தால் அந்தப் பாடம் டிகிரிக்குச் செல்லாது. நான் ஊரில் இசிஇ படித்தவன். அல்காரிதம்ஸ் பாடத்தில் கோடு எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், "இது ஏன் சரி என்று நிரூபி" என்றால் வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் செமஸ்டர் முடிவில் அல்காரிதம்ஸில் சி வந்தது. மற்ற இரண்டில் ஒன்று பி பிளஸ், ஒன்று பி. ஜிபிஏ 2.76. மூன்றுக்குக் கீழே என்பதால் அகாடெமிக் புரொபேஷன் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. கோர் பாடத்தில் சி என்பதால் அதைக் கண்டிப்பாகத் திரும்ப எடுக்கவும் வேண்டும்.

அந்தச் சமயத்தில் என் தலையில் இருந்தது நம் ஊர் அரியர் முறை. நான் படித்த கல்லூரியில் அரியர் எழுதிப் பாஸ் செய்துவிட்டால் பழைய ஃபெயில் சிஜிபிஏ கணக்குக்குள் வராது, கிளாஸ் போகும், அவ்வளவுதான். இங்கேயும் அப்படித்தானா என்று அபார்ட்மென்டில் இருந்த ஒரு அண்ணனிடம் கேட்டேன். அவர், "ரிப்பீட் பண்ணா ரிப்ளேஸ் ஆயிடும்டா, இதுக்கெல்லாம் போய் பயந்துக்கிட்டு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்த அவருடைய நண்பருக்கு உண்மையிலேயே ரிப்ளேஸ் ஆகியிருந்தது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் இளநிலை மாணவர்களுக்குக் கிரேடு ரிப்ளேஸ்மென்ட் என்றோ கிரேடு ஃபர்கிவ்னஸ் என்றோ ஒரு சலுகை உண்டு, குறிப்பிட்ட எண்ணிக்கை பாடங்களுக்கு மட்டும். முதுநிலை மாணவர்களுக்கு அந்தச் சலுகை இல்லாத இடங்கள் நிறைய. என்னுடையதும் அதில் ஒன்று. விதிப்புத்தகமே இரண்டு. இளநிலை கேட்டலாக் வேறு, கிராஜுவேட் கேட்டலாக் வேறு. கூகுளில் பல்கலைக்கழகப் பெயரையும் ரிப்பீட் என்ற சொல்லையும் போட்டுத் தேடினால் முதலில் வந்து நிற்பது இளநிலைக்கான பக்கம். படிக்கும்போது எல்லாம் பொருந்துவது போலவே இருக்கும்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது கிராஜுவேட் கேட்டலாக், அதிலும் நீங்கள் சேர்ந்த கல்வியாண்டுக்குரியது. அதில் ரிப்பீட் பற்றி ஒரு பத்திதான் இருக்கும். அதில் மூன்று விஷயம் பாருங்கள். சிஜிபிஏவில் இரண்டு கிரேடும் சேருமா, அல்லது பிந்தியது மட்டுமா, அல்லது இரண்டில் உயர்ந்தது மட்டுமா. டிகிரி கிரெடிட் ஒருமுறைதானா, பெரும்பாலும் ஒருமுறைதான். ஒரு பாடத்தை எத்தனை முறை எடுக்கலாம், மொத்தம் எத்தனை பாடம் ரிப்பீட் செய்யலாம். பிந்தியது மட்டும் எண்ணப்படும் இடம் என்றால் அதில் ஒரு அபாயமும் உண்டு, முதலில் வாங்கியதைவிடக் குறைவாக வாங்கினால் அந்தக் குறைந்ததுதான் நிற்கும். படித்துவிட்டு, துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். வாய்ச்சொல் வேண்டாம், அட்வைசர் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஏ என்றால் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, சி பிளஸ் 2.3, சி 2.0, எஃப் பூஜ்யம். பல இடங்களில் இதே அளவுதான், சில இடங்களில் பிளஸ் மைனஸே கிடையாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரேடின் மதிப்பைக் கிரெடிட்டால் பெருக்கினால் வருவது குவாலிட்டி பாயிண்ட். மூன்று கிரெடிட் பாடத்தில் சி வாங்கினால் 6, பி வாங்கினால் 9, ஏ வாங்கினால் 12. எல்லாவற்றையும் கூட்டி, எடுத்த கிரெடிட்டால் வகுத்தால் சிஜிபிஏ.

இந்தக் கணக்கைச் சராசரியாகப் பார்த்தால் மண்டை குழம்பும். நான் பிறகு கண்டுகொண்ட வழி, அதைக் கடன் கணக்காகப் பார்ப்பது. தேவை 3.0 என்றால் பி என்பது பூஜ்யம், வரவும் இல்லை செலவும் இல்லை. மூன்று கிரெடிட் பாடத்தில் சி வாங்கினால் 3 பாயிண்ட் கடன். சி பிளஸ் 2.1 கடன். பி மைனஸ் 0.9 கடன். மறுபக்கம் பி பிளஸ் 0.9 வரவு, ஏ மைனஸ் 2.1 வரவு, ஏ 3 வரவு. எஃப் என்றால் 9 கடன். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கால்குலேட்டரே வேண்டாம். என் முதல் செமஸ்டர்: சி-யால் 3 கடன், பி பிளஸால் 0.9 வரவு, பி-யால் ஒன்றுமில்லை. நிகரக் கடன் 2.1.

இதிலிருந்து ஒரு விஷயம் உடனே தெரியும். இனிமேல் எல்லாவற்றிலும் பி வாங்கினால் போதும் என்று நினைத்தால் கடன் அப்படியே இருக்கும். மீதி இருக்கும் பாடங்கள் ஏழோ எட்டோ, எல்லாவற்றிலும் பி வாங்கினாலும் சிஜிபிஏ 2.76-இலிருந்து 2.93 பக்கம் போய் நிற்கும், மூன்றைத் தொடவே தொடாது. எண் ஒவ்வொரு செமஸ்டரும் ஏறுவதைப் பார்த்து "வந்துகொண்டிருக்கிறது" என்று மனம் சமாதானம் சொல்லும். ஏறுவது கிரெடிட் கூடுவதால் மட்டும்தான்.

இனி, முதல் கிரேடை ஈடுகட்ட இரண்டாம் முறை என்ன வேண்டும் என்ற கேள்வி. இரண்டும் எண்ணப்படும் இடத்தில், ஒரே கிரெடிட் உள்ள பாடம் என்பதால் வாய்ப்பாடு மிக எளிது:

```
x = 2T - g
```

T என்பது உங்களுக்கு வேண்டிய சராசரி, g முதல் முறை வாங்கியது, x இரண்டாம் முறை வாங்க வேண்டியது. T 3.0 என்று வைத்தால், சி வாங்கியவருக்கு 6.0 கழித்தல் 2.0, அதாவது 4.0. சி-யை ஈடுகட்ட ஏ வேண்டும், அதற்குக் குறைவான எதுவும் ஆகாது. சி பிளஸுக்கு ஏ மைனஸ். பி மைனஸுக்கு பி பிளஸ். எஃப் வாங்கியவருக்கு 6.0 வேண்டும், அப்படி ஒரு கிரேடே கிடையாது. என் கூடப் படித்த ஒருவனுக்கு டிஸ்ட்ரிபியூடட் சிஸ்டம்ஸில் எஃப். திரும்ப எடுத்து ஏ வாங்கினான், எல்லோரும் பாராட்டினோம். அந்த ஒரு பாடத்தில் மட்டும் அவன் சராசரி 2.0. ஒன்பது கடனில் மூன்று அடைந்தது, மீதி ஆறை அடைக்க வேறு இரண்டு பாடங்களில் முழு ஏ வேண்டியிருந்தது. வேண்டிய சராசரி கூடக்கூட நிலைமை இன்னும் இறுகும். பிஎச்டிக்கு விண்ணப்பிக்க 3.5 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், சி வாங்கியவருக்கு 5.0 வேண்டும். அதாவது அந்தப் பாடத்தைக் கொண்டே அந்தப் பாடத்தைச் சரிக்கட்ட முடியாது, மற்ற பாடங்கள்தான் சுமக்க வேண்டும்.

இரண்டாம் செமஸ்டருக்கு வருகிறேன். அல்காரிதம்ஸ் திரும்ப எடுத்தேன், அதோடு ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ், டேட்டாபேஸ். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸில் கெர்னலுக்குள் போய்க் கோடு எழுதும் புராஜெக்ட், தூங்கவிடாத வகை. அல்காரிதம்ஸில் இந்த முறை நன்றாகவே போனது. ஹோம்வொர்க்குக்கு 20 சதவீதம், மிட்டேர்முக்கு 30, ஃபைனலுக்கு 50. ஹோம்வொர்க்கில் 95 வாங்கியதால் 19 கையில். மிட்டேர்மில் 84, அது 25.2. ஆக ஃபைனலுக்கு முன்பே 44.2 இருந்தது. பி மைனஸுக்கு மொத்தம் 80 வேண்டும், அதற்கு ஃபைனலில் நூற்றுக்கு 72 வாங்கினால் போதும். பி பிளஸுக்கு 87, ஃபைனலில் 86. ஏ மைனஸுக்கு 90, ஃபைனலில் 92. பழைய சி அழிந்துவிடும் என்று நம்பியவனுக்கு இந்த மூன்றில் எது கண்ணில் படும்? எழுபத்திரண்டு. கடைசி வாரத்தை முழுக்க கெர்னல் புராஜெக்டுக்குக் கொடுத்தேன். அப்படியும் ஃபைனலில் 87 வந்தது, மொத்தம் 87.7, பி பிளஸ். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸில் பி பிளஸ். டேட்டாபேஸில் பி. அன்று இரவு அறை நண்பர்களுக்கு நான்தான் பீட்சா வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் டிரான்ஸ்கிரிப்ட் திறந்தால் சிஜிபிஏ 2.98. அழிந்திருந்தால் 3.18 இருந்திருக்க வேண்டும். முதலில் இன்னும் அப்டேட் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன், நாலைந்து நாள் அப்படியே நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். பிறகு ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் போய்க் கேட்டபோது அங்கிருந்த அம்மையார் திரையைத் திருப்பி ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினார். எங்கள் டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் வரிசைக் கடைசியில் `R` என்று ஒரு கட்டம் உண்டு, ரிப்பீட் ஆன பாடங்களுக்கு மட்டும் அதில் ஒரு எழுத்து வரும். `E` என்றால் கணக்கிலிருந்து விலக்கப்பட்டது, `I` என்றால் சேர்க்கப்பட்டது, `A` என்றால் சராசரியில் சேரும் ஆனால் கிரெடிட்டாகச் சேராது. என் பழைய சி பக்கத்தில் `A` இருந்தது. கிரேடு ஏ இல்லை, இந்த `A`. உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் இந்தக் கட்டம் இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்க வழி உண்டு. அடியில் `Earned Hours`, `GPA Hours` என்று இரண்டு எண் இருக்கும். எனக்கு முதலாவது 15, இரண்டாவது 18. இரண்டும் வித்தியாசப்பட்டு, வித்தியாசம் உங்கள் ரிப்பீட் பாடத்தின் கிரெடிட்டாக இருந்தால், பழைய கிரேடு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

கடன் கணக்கில் பாருங்கள், எவ்வளவு அருகில் போய்த் தவறியது என்று. 2.1 கடன். இரண்டு பி பிளஸால் 1.8 வரவு. மிச்சம் 0.3. மூன்று பாடத்தில் எந்த ஒன்றில் ஒரு படி கூடியிருந்தாலும் முடிந்திருக்கும். டேட்டாபேஸில் பி-க்குப் பதில் பி பிளஸ் வந்திருந்தால் போதும். அல்காரிதம்ஸ் ஃபைனலில் 87-க்குப் பதில் 92 வாங்கியிருந்தால் போதும், சிஜிபிஏ 3.05. இது முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்த ஒரு வாரத்தை எங்கே செலவழித்திருப்பேன் என்று யோசித்து யோசித்து அந்தக் கோடை முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. 2.98-ஐ 3.0 என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா என்றும் கேட்டேன். எங்கள் இடத்தில் முழுமையாக்கும் பழக்கமே இல்லை, இரண்டு தசமத்துக்குப் பிறகு வெட்டிவிடுவார்கள். 2.999 இருந்தாலும் 2.99 தான்.

பண விஷயம். மூன்றாம் செமஸ்டருக்கு எனக்கு டீஏ வேலை தருவதாகப் பேசி முடித்திருந்தார்கள், பேராசிரியரே கேட்டுக்கொண்டார். அதற்கு 3.0 கட்டாயம். துறை அனுப்பிய பெயரை கிராஜுவேட் ஸ்கூல் சிஸ்டமே நிறுத்திவிட்டது, பேராசிரியரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தச் செமஸ்டர் கட்டணம் பத்தாயிரம் டாலருக்கு மேல், அப்போதைய ரேட்டில் எட்டரை லட்சம் ரூபாய்க்குப் பக்கம். மாதச் சம்பளம் போனது தனி. அல்காரிதம்ஸை இரண்டாம் முறை எடுக்கக் கட்டியது மூவாயிரத்து ஐந்நூறு டாலர் சொச்சம், ஏனென்றால் ரிப்பீட்டுக்குத் தள்ளுபடி எல்லாம் கிடையாது, புதுப் பாடத்துக்குக் கட்டும் அதே தொகைதான். வீட்டை அடமானம் வைத்து எடுத்த கல்விக்கடன். அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவிடம் "வேலை அடுத்த செமஸ்டர்தான் தருவாங்களாம்மா" என்று மட்டும் சொன்னேன். அம்மா, "சாப்பாட்டுக்குக் குறை வைக்காதடா, அப்பா பாத்துக்குவாங்க" என்றார். ஃபோனை வைத்த பிறகு ரொம்ப நேரம் எழுந்திருக்க முடியவில்லை. வங்கியில் கடன் தொகையின் மீதியை முன்கூட்டியே விடுவிக்கச் சொல்லி, ஒரு சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கித்தான் அந்தக் கட்டணம் கட்டினோம்.

இதற்கு நடுவில் இரண்டாம் முறையாக மூன்றுக்குக் கீழே வந்ததால் நீக்கம் செய்வது பற்றி ஒரு மின்னஞ்சல். எஃப்-1 விசாவில் இருப்பவனுக்கு நீக்கம் என்றால் படிப்பு மட்டும் போவதில்லை, ஊருக்கே மூட்டை கட்ட வேண்டும். பெட்டிஷன் எழுத அவகாசம் கொடுத்திருந்தார்கள். முதலில் எழுதியது முழுக்க உணர்ச்சி, குடும்பம், கடன் என்று இரண்டு பக்கம். எங்கள் கிராஜுவேட் கோஆர்டினேட்டர் படித்துவிட்டு, "இதையெல்லாம் குழு ஏற்கனவே நிறையப் படித்திருக்கிறது, நீ எப்படி மூன்றைத் தொடப்போகிறாய் என்று காட்டு" என்றார். அதைக் கிழித்துப்போட்டு ஒரே பக்கத்தில் எழுதினேன். இப்போதைய பாயிண்ட் 53.7, கிரெடிட் 18, குறைவு 0.3. அடுத்த செமஸ்டர் எடுக்கப்போகும் மூன்று பாடங்கள் இவை, அவற்றில் ஒன்றில் பி பிளஸும் மற்ற இரண்டில் பி-யும் வந்தால் 3.02. ரிப்பீட் செய்த பாடத்தில் சி-யிலிருந்து பி பிளஸுக்கு வந்திருக்கிறேன். இவ்வளவுதான். கூடவே ஒரு பேராசிரியரின் இரண்டு வரி. ஒரு செமஸ்டர் அவகாசம் கிடைத்தது. இந்த மாதிரிக் கடிதம் எழுத வேண்டி வந்தால் கணக்கை முதல் வரியில் வையுங்கள், அழுகையைக் கடைசியில் வைத்தால் போதும், வைக்காவிட்டாலும் பரவாயில்லை.

மூன்றாம் செமஸ்டரில் ஏ மைனஸ் ஒன்று, பி பிளஸ் இரண்டு. சிஜிபிஏ 3.13, புரொபேஷன் நீங்கியது. டீஏ இடம் அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது, கடைசி வரை மணிக்கூலிக்கு விடைத்தாள் திருத்தும் வேலைதான் கிடைத்தது. கடைசி இரண்டு பாடங்களில் ஏ, ஏ மைனஸ். முடித்தபோது 3.26. பழைய சி போயிருந்தால் 3.39.

இப்போது திரும்பிப் பார்த்தால் எல்லோருக்கும் சொல்ல வேண்டியது என்று நான் நினைப்பது, ரிப்பீட் செய்யத்தான் வேண்டுமா என்ற கேள்வியை முதலில் கேட்பது. இரண்டும் எண்ணப்படும் இடத்தில் சிஜிபிஏவுக்கு ரிப்பீட்டால் தனிப் பலன் எதுவும் கிடையாது. அதே பாடத்தில் வாங்கும் ஏ-யும் புதிய பாடத்தில் வாங்கும் ஏ-யும் ஒரே மூன்று பாயிண்ட் வரவுதான். புதிய பாடம் என்றால் டிகிரிக்கும் கிரெடிட் கிடைக்கும், ரிப்பீட் என்றால் பணம் மட்டும் இரட்டிப்பு. கட்டாயக் கோர் பாடமாக இருந்து, வாங்கிய கிரேடு டிகிரிக்குச் செல்லாது என்றால் மட்டும் ரிப்பீட். எலெக்டிவில் சி வந்து, அது டிகிரிக்குச் செல்லும் என்றால், விட்டுவிட்டு உங்களுக்கு வரும் பாடமாகப் பார்த்து எடுங்கள். கோர் பாடமாக இருந்தாலும், தியரி பிரிவில் இரண்டில் ஒன்று என்பது மாதிரித் தேர்வு இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் துறையில் அல்காரிதம்ஸுக்குப் பதில் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் எடுக்கலாம் என்று இருந்தது, அது எனக்கு உதவியிருக்காது, நிரூபணம் இன்னும் அதிகம். ஆனால் கணித அடிப்படை உள்ளவர்களுக்கு உதவும். திரும்ப எடுத்தும் சி வரும் என்று தோன்றினால் எடுக்கவே எடுக்காதீர்கள், கடன் ஆறாகிவிடும்.

எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அந்தச் செமஸ்டரை மொத்தமாகத் திட்டமிடுங்கள். அந்த ஒரு பாடத்தில் ஏ வேண்டும் என்பது மட்டும் கணக்கில்லை, செமஸ்டர் முடிவில் மொத்த வரவு கடனை அடைக்க வேண்டும். எனக்கு 2.1 வேண்டியிருந்தது. ஒரு ஏ மைனஸும் இரண்டு பி-யும் போதும், அல்லது மூன்று பி பிளஸ் போதும். கெர்னல் புராஜெக்ட் மாதிரி வாரத்தை விழுங்கும் பாடத்தை அதே செமஸ்டரில் சேர்க்காமல் இருந்திருந்தால் இது எட்டாத கனவு இல்லை. மிட்டேர்ம் முடிந்ததும் ஒவ்வொரு பாடத்திலும் ஃபைனலில் எத்தனை மார்க்குக்கு எந்த கிரேடு என்று நான் மேலே போட்ட மாதிரி ஒரு தாளில் போடுங்கள். எந்தப் பாடத்தில் கொஞ்ச உழைப்புக்கு ஒரு படி ஏறும் என்று தெரிந்துவிடும், அங்கே நேரத்தைக் கொடுங்கள்.

அதற்கும் முந்தைய கட்டத்தில், முதல் முறை எடுக்கும்போதே மிட்டேர்மில் விழுந்துவிட்டால், கடைசித் தேதிக்குள் வித்ட்ரா செய்வது பற்றி யோசியுங்கள். டபிள்யூ என்று டிரான்ஸ்கிரிப்டில் இருக்கும், ஜிபிஏவில் சேராது. கட்டணம் திரும்ப வராது, அது போனதுதான். ஆனால் எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் இதை நேராகப் போர்ட்டலில் போய்ச் செய்துவிடக் கூடாது. பாடத்தை விட்டால் முழுநேர அளவுக்குக் கீழே போவீர்கள், முதுநிலைக்குப் பெரும்பாலும் ஒன்பது கிரெடிட். முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓ-விடம் அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்கப் பாடமுறைக்குப் பழக்கமில்லாமை, தகுதிக்கு மீறிய பாடத்தில் சேர்க்கப்பட்டது போன்ற காரணங்களுக்கு அந்த அனுமதி உண்டு, ஆனால் ஒரு படிப்பு நிலைக்கு ஒரே ஒருமுறைதான், அப்போதும் குறைந்தது ஆறு கிரெடிட் கையில் இருக்க வேண்டும். அனுமதி வருமுன் விட்டால் விசா நிலையே கெடும், அதோடு ஒப்பிட்டால் சி ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, உங்கள் பல்கலைக்கழகம் பழைய கிரேடை நீக்கும் இடமாகவே இருந்தாலும் வெளியே விண்ணப்பிக்கும்போது அது திரும்பி வரலாம். இங்கே பிறந்து வளர்ந்த என் மாமா பெண் இளநிலையில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைத் திரும்ப எடுத்து நல்ல கிரேடு வாங்கினாள், பல்கலைக்கழகம் பழையதை நீக்கிவிட்டது. மருத்துவப் படிப்புக்கு ஏஎம்சிஏஎஸ் வழியாக விண்ணப்பிக்கும்போது எடுத்த எல்லா முறையையும் போடச் சொல்லி, எல்லாவற்றையும் சேர்த்துத் தாங்களே ஜிபிஏ போட்டார்கள். ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்கான ஏஏசிஓஎம்ஏஎஸ் முன்பு பிந்தியதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது, 2017-இல் அதுவும் இரண்டையும் எண்ண ஆரம்பித்துவிட்டது. டிரான்ஸ்கிரிப்டில் ஒரு எண், விண்ணப்பத்தில் வேறு எண் என்று பார்த்து அவள் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை.

அந்த சி-யை எடுத்துவிடச் சொல்லி மனு கொடுக்க முடியாதா என்று ஜூனியர்கள் இப்போதும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். இரண்டே வழிதான் இருக்கிறது என்றார்கள். கிரேடு போட்டதில் கணக்குப் பிழையோ சிலபஸுக்கு மாறான நடைமுறையோ இருந்தால் கிரேடு அப்பீல், அதற்குக் கிரேடு வந்த சில வாரங்களிலேயே காலக்கெடு முடிந்துவிடும். அல்லது அந்தச் செமஸ்டரில் கடுமையான உடல்நலக் குறைவு இருந்து மருத்துவச் சான்று கையில் இருந்தால், முன்தேதியிட்ட வித்ட்ராயல். அதிலும் பொதுவாக ஒரு பாடத்தை மட்டும் தூக்கமாட்டார்கள், அந்தச் செமஸ்டரில் எடுத்த எல்லாம் போகும், நல்ல கிரேடு வாங்கியதும் சேர்த்து. என் முதல் செமஸ்டரில் அப்படித் தூக்கியிருந்தால் சி-யோடு பி பிளஸும் பி-யும் போய், மூன்று பாடத்துக்கும் மறுபடி பணம் கட்டியிருக்க வேண்டும்.